தங்கியவர் எழுதியதா, கருவி எழுதியதா? வெள்ளவத்தையில் ரூம் தேடுபவர்களுக்கு ரிவியூ வாசிக்கும் முறை

விசா நேர்முகத்துக்கோ, ஹொஸ்பிட்டலுக்கோ, ஒரு கலியாணத்துக்கோ கொழும்புக்கு வருகிற நம் ஆட்களில் பலர் முதலில் தேடுவது வெள்ளவத்தையில் ஒரு ரூம். முந்தி இங்கே இருக்கிற சொந்தக்காரரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வோம். இப்போது கூகிள் மேப்பைத் திறந்து, எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து, மேலே தெரிகிற நாலைந்து ரிவியூவை மேலோட்டமாக வாசித்துவிட்டு முற்பணத்தை அனுப்பிவிடுகிறோம். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்த நாலைந்து ரிவியூவை நம்பித்தான் வருகிறார்கள். ஆனால் அவற்றில் சில, அந்த இடத்தின் படியைக்கூட மிதிக்காமல், எழுதும் கருவியிடம் சொல்லி எழுதி வாங்கியவையாக இருக்கலாம். அவற்றைப் பிரித்தெடுப்பதற்கு ஆங்கிலப் புலமையோ தொழில்நுட்ப அறிவோ தேவையில்லை. பத்து நிமிடமும், எதைப் பார்க்க வேண்டும் என்ற தெளிவும் இருந்தால் போதும்.

முதலில், இப்படிப்பட்ட ரிவியூ எப்படிப் பிறக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒருவர் சாட்ஜிபிடி போன்ற கருவியைத் திறந்து, "இது வெள்ளவத்தையில் இருக்கிற விடுதி, பெயர் இது, ஐந்து நட்சத்திரத்துக்குப் பத்து ரிவியூ எழுதித் தா" என்கிறார். கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: பெயர், ஊர், தொழில். மிச்சத்தை, விடுதிகளைப் பற்றி வழக்கமாக எழுதப்படும் வசனங்களைக் கொண்டு அது நிரப்புகிறது. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வருவது வழக்கம் என்ற கணிப்பில்தான் அது எழுதுகிறது. ஆகவே எந்த விடுதிக்கும் பொருந்தக்கூடியதே வரும். திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர், ஒரே அளவில் அளந்து வைத்த பாராட்டு, சொந்த அனுபவம் எதுவும் இல்லாமை ஆகிய மூன்றுக்கும் மூலம் இந்த ஒரே காரணம்தான்: எழுதியவர் அங்கே போகவில்லை.

வாசிக்கத் தொடங்குமுன் இரண்டு வேலை

ரிவியூப் பகுதியைத் திறந்தவுடன் மேலே தெரிகிறவை கூகிள் தானாகத் தெரிந்தெடுத்தவை. அதை மாற்றி `Newest` என்று வையுங்கள். இப்போது கடைசியாக எழுதியவர்களிலிருந்து வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு காலத்துக்கு முன் எழுதியது என்று இருக்கும். அதைமட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு சாதாரண லொட்ஜுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ரிவியூ வரும். மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு, ஒரே கிழமையில் பத்துப் பதினைந்து ஐந்து நட்சத்திரம் வந்திருந்தால் அந்தக் கிழமையைக் குறித்து வையுங்கள். அது நல்லூர்த் திருவிழாக் காலமோ பாடசாலை விடுமுறையோ இல்லை, அப்படியிருந்தும் கூட்டம் என்றால், வாசிக்க வேண்டியது அந்தக் கூட்டத்தைத்தான்.

இரண்டாவது வேலையைப் பலர் தவறவிடுகிறார்கள். கூகிள் மற்ற மொழி ரிவியூக்களைத் தானாக மொழிபெயர்த்துக் காட்டும். சிங்களத்தில் ஒருவர் மனம்விட்டு எழுதியது மொழிபெயர்ப்பில் விறைத்துப்போய், கருவி எழுதியதைப் போலவே தெரியும். அதனால் `See original` என்பதைத் தட்டி மூலத்தைப் பாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டாலும், மூலம் சிங்களத்தில் இருக்கிறது என்பதை அறிந்தாலே, அதன் வசன நடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது விளங்கிவிடும்.

நாலு ரிவியூவை வைத்துப் பார்ப்போம்

கீழே இருப்பவை எந்த உண்மையான விடுதியினுடையவையும் அல்ல. எப்படி இருக்கும் என்று காட்ட நானே எழுதியவை. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில் இருக்கும் லொட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: "வெள்ளவத்தையில் அமைந்துள்ள இந்த விடுதியில் தங்கிய அனுபவம் மிகவும் அருமையாக இருந்தது. ஊழியர்கள் நட்பாகவும் உதவிகரமாகவும் இருந்தார்கள். அறைகள் சுத்தமாகவும் வசதியாகவும் இருந்தன. கொழும்பு வருபவர்களுக்கு நிச்சயமாகப் பரிந்துரைக்கிறேன்."

இரண்டு: "கொழும்பில் தங்குவதற்கு மிகச் சிறந்த இடம். உள்ளே நுழைந்த கணத்திலிருந்து ஊழியர்கள் அன்பாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்டார்கள். அறைகள் தூய்மையாகவும் விசாலமாகவும் இருந்தன. வெள்ளவத்தையின் மையத்தில் அமைந்திருப்பது கூடுதல் சிறப்பு. மீண்டும் நிச்சயம் வருவோம்."

மூன்று: "குடும்பத்துடன் தங்குவதற்கு ஏற்ற விடுதி. ஊழியர்களின் கனிவான சேவை எங்கள் எதிர்பார்ப்பை மிஞ்சியது. ஒவ்வொரு சிறிய விடயத்திலும் கவனம் செலுத்தியிருந்தார்கள். வெள்ளவத்தையில் தரமான தங்குமிடம் தேடுபவர்களுக்கு இதுவே சரியான தெரிவு."

நாலு: "யாழ்ப்பாண பஸ்ல வந்து விடிய 5 மணிக்கு இறங்கினம். ரூம் 12 மணிக்குத்தான் எண்டு சொல்லிச்சினம். ஆனா கீழ ஹோலில பாக் எல்லாத்தையும் வைச்சிட்டு முகம் கழுவ விட்டவை. 3ம் மாடி, லிஃப்ட் இல்லை, அம்மா கஷ்டப்பட்டுத்தான் ஏறினவ. ட்ரெயின் சத்தம் கேக்கும். மற்றும்படி ரூம் துப்பரவு."

நாலுக்கும் ஐந்து நட்சத்திரம் என்று வையுங்கள். நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசமே இல்லை.

இப்போது ஒரு தாளை எடுத்து, முதல் மூன்றிலும் ஒவ்வொரு வசனமும் எதைப் பற்றியது என்று ஒற்றைச் சொல்லில் எழுதுங்கள். முதலாவது: அனுபவம், ஊழியர், அறை, பரிந்துரை. இரண்டாவது: இடம், ஊழியர், அறை, இடம், திரும்பி வருவோம். மூன்றாவது: குடும்பம், ஊழியர், கவனம், பரிந்துரை. சொற்கள் வேறு வேறு, எலும்புக்கூடு ஒன்று. ஒரே வசனம் அப்படியே திரும்ப வந்தால் யாரும் பிடித்துவிடலாம். பழைய காலத்துப் போலி ரிவியூ அப்படித்தான், ஒரு பிரதியை எடுத்துப் பத்துப் பேர் பெயரில் போடுவார்கள். இப்போதைய கருவி சொல்லை மாற்றிவிடும். "சுத்தமாகவும் வசதியாகவும்" என்பது அடுத்ததில் "தூய்மையாகவும் விசாலமாகவும்" என்று உடுப்பு மாற்றிக்கொண்டு வரும். இரண்டு பாராட்டை ஜோடியாகக் கட்டி வைக்கிற அந்தப் பழக்கம் மட்டும் மாறாது. ஆகவே சொல்லைத் தேடாதீர்கள், வரிசையைத் தேடுங்கள். எதற்குப் பிறகு எது வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை வசனம், கடைசி வசனம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

ஆங்கில ரிவியூக்களில் சொற்றொடரையே பிடிக்கலாம். ரிவியூப் பகுதியில் ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. சந்தேகப்படுகிற ரிவியூவிலிருந்து மூன்று நாலு சொற்களை எடுத்து அதில் போடுங்கள். உதாரணமாக `above and beyond` என்றோ `hidden gem` என்றோ தட்டிப் பாருங்கள். இவை மனிதர்களும் எழுதுகிறவைதான். ஒன்றிரண்டு வந்தால் விட்டுவிடலாம். சின்ன லொட்ஜ் ஒன்றில், ஒரே மாதத்துக்குள், ஏழெட்டுப் பேர் அதே சொற்றொடரை எழுதியிருந்தால் அது தற்செயல் அல்ல.

இன்னொரு அடையாளம், விடுதியின் முழுப் பெயரும் ஊர்ப் பெயரும் தொழிலின் பெயரும் ரிவியூவுக்குள்ளேயே வருவது. அந்த இடத்தின் கூகிள் பக்கத்திலேயே எழுதுகிறவர் "இந்த இடம்" என்றோ "ரூம்" என்றோ எழுதுவார். "வெள்ளவத்தையில் தரமான தங்குமிடம் தேடுபவர்களுக்கு" என்று எழுதமாட்டார். கருவியிடம் கொடுத்த சொற்கள் அப்படியே திரும்பி வந்திருக்கலாம், அல்லது தேடலில் மேலே வரவேண்டும் என்று கேட்டு எழுதுவித்திருக்கலாம்.

பாராட்டில் மேடு பள்ளம் இருக்கிறதா?

நாலாவது ரிவியூவைத் திரும்ப வாசியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் லிஃப்ட் இல்லை என்கிறார், ட்ரெயின் சத்தம் என்கிறார், நேரத்தோடு ரூம் தரவில்லை என்கிறார். ஆனாலும் சந்தோசப்பட்டிருக்கிறார். தங்கிய மனிதர் இப்படித்தான் எழுதுவார். எங்கள் ஆட்கள் எவ்வளவு திருப்தியாக இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதில்லை. கருவியிடம் ஐந்து நட்சத்திரம் என்று சொன்னால், அது எல்லாவற்றையும் ஐந்து நட்சத்திரமாக்கிவிடும்: ஊழியரும் அருமை, அறையும் அருமை, இடமும் அருமை. எது மிக நன்றாக இருந்தது, எது பரவாயில்லை என்ற வேறுபாடு இருக்காது.

தனி ரிவியூவில் மட்டுமல்ல, மொத்தத்திலும் இதைப் பார்க்கலாம். மேலே நட்சத்திரப் பட்டைகள் ஐந்து இருக்கும். நல்ல லொட்ஜ் ஒன்றுக்கும் நாலு நட்சத்திரமும் மூன்று நட்சத்திரமும் கொஞ்சம் இருக்கும். ஐந்தில் ஒரு பெரிய குவியல், ஒன்றில் ஒரு சின்னக் குவியல், நடுவில் ஒன்றும் இல்லை என்றால், இரண்டு கூட்டத்தையும் நிதானமாக வாசியுங்கள். ஒரு நட்சத்திரக்காரர்கள் எல்லோரும் தண்ணி வரவில்லை என்கிறார்கள், ஐந்து நட்சத்திரக்காரர் ஒருவர்கூடத் தண்ணியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், நான் ஒரு நட்சத்திரக்காரர்களைத்தான் நம்புவேன். ஆனால் ஒன்று, போட்டிக்காரர் எழுதுவித்த திட்டு ரிவியூவும் உண்டு. அதையும் இதே முறையில் சோதிக்கலாம். "மிக மோசமான அனுபவம், ஊழியர்கள் பொறுப்பற்றவர்கள், யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்" என்பதில் எந்த நாள், எந்த ரூம், என்ன நடந்தது என்று ஒன்றும் இல்லாவிட்டால் அதுவும் சந்தேகத்துக்குரியதே.

ஊரை மாற்றிப் பாருங்கள்

மூன்றாவது அடையாளமான சொந்த விபரம் இல்லாமையைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ரிவியூவில் "வெள்ளவத்தை" என்றோ "கொழும்பு" என்றோ வருகிற இடத்தில் "நுவரெலியா" என்று போட்டு வாசியுங்கள். ஊர்ப் பெயரே இல்லாவிட்டால், நுவரெலியா விடுதி ஒன்றைப் பற்றி எழுதியது என்று நினைத்து வாசியுங்கள். முதல் மூன்றும் ஒரு கீறலும் இல்லாமல் பொருந்தும். நாலாவது உடைந்துவிடும். ட்ரெயின் சத்தம் அங்கே பொருந்தாது. நுவரெலியா நகரத்துக்கு ரயிலே போகாது, நானுஓயாவில்தான் இறங்க வேண்டும்.

இதைச் செய்வதற்கு, அந்தப் பகுதியில் தங்கினவருக்கு மட்டும் தெரியக்கூடியது என்ன என்று நீங்கள் முதலே ஒரு பட்டியல் வைத்திருந்தால் வேலை சுலபம். கொழும்புக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் ரயில் பாதை மரைன் டிரைவுக்கு அப்பால், கடலோரமாக ஓடுகிறது. கடற்பக்கத்து ஒழுங்கையில் தங்கினவர் ட்ரெயின் சத்தத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஏதாவது சொல்ல வாய்ப்பு அதிகம். இரவு பஸ்ஸில் வடக்கிலிருந்து வருகிறவர்கள் விடியப்புறம் வந்து இறங்குவதால், அந்த நேரத்தில் ரூம் தருவார்களா என்பது பெரிய பிரச்சினை. ஏசிக்குத் தனிக் காசு எடுத்தார்களா, சுடுதண்ணி வந்ததா, எத்தனையாம் மாடி, லிஃப்ட் இருந்ததா, வாகனம் விட இடம் இருந்ததா, ஓட்டோ வாசல்வரை வந்ததா, பக்கத்தில் சாப்பாட்டுக்கடை எது என்பவையும் அப்படித்தான். பத்து ரிவியூ வாசித்தும் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பத்தும் உங்களுக்கு எதையுமே சொல்லவில்லை.

இது வெறும் என் ஊகம் அல்ல. 2011இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிக்காகோ நகரின் 20 ஹோட்டல்களைப் பற்றிய 800 ரிவியூக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். பாதி உண்மையானவை, பாதி காசு கொடுத்து ஆட்களைக்கொண்டு எழுதுவித்த பொய். உண்மையானவற்றில் இடத்தைப் பற்றிய சொற்கள் கூடுதலாக இருந்தன: குளியலறை, அறையின் அளவு, எங்கே இருக்கிறது என்பவை. பொய்யானவற்றில் யாரோடு வந்தேன், எதற்காக வந்தேன் என்ற கதை கூடுதல். அந்தப் பொய்களை எழுதியவர்கள் மனிதர்கள்தான், கருவி அல்ல. ஆனாலும் காரணம் ஒன்றே. பார்க்காத அறையின் குளியலறையை எழுத முடியாது. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தேன் என்று யாரும் எழுதலாம். அதே ஆய்வில், கணினி நிரல் பத்தில் ஒன்பதைச் சரியாகப் பிரித்தது. வெறுமனே வாசித்துத் தீர்ப்புச் சொன்ன மனிதர்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததைவிடப் பெரிதாக முன்னேறவில்லை. "பார்த்தாலே தெரியும்" என்று நினைக்காமல், தாளில் எழுதிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கொஞ்சம் கெட்டிக்காரர் கருவியிடம் "சில விபரங்களையும் சேர்" என்று கேட்டிருக்கலாம். அப்போது விபரம் வரும், ஆனால் அது இடத்தோடு ஒத்துப்போகாது. காலி வீதியின் தரைப்பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் இரண்டு மாடிக் கட்டடத்துக்கு "பல்கனியிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்தோம்" என்று எழுதியிருக்கும். காலைச் சாப்பாடே இல்லாத இடத்தில் "சுவையான காலை உணவு" இருக்கும். விபரம் கண்டால், தங்கியவர்கள் போட்ட படங்களைத் திறந்து அதோடு ஒப்பிடுங்கள். விடுதிக்காரர் போட்ட படத்தை இதற்கு எடுக்க வேண்டாம். மற்ற ரிவியூக்களோடும் ஒப்பிடுங்கள். உண்மையான விபரம் வேறு யாராவது ஒருவரிடமாவது வேறு வார்த்தையில் வரும். நாலாவது ரிவியூக்காரர் லிஃப்ட் இல்லை என்றால், ஆறு மாதத்துக்கு முன் வந்த இன்னொருவர் "படி ஏறி முழங்கால் போச்சு" என்று எழுதியிருப்பார்.

எழுதியவர் யார்?

சந்தேகம் தீராவிட்டால் பெயரைத் தட்டி அவர் வேறு என்னென்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரே கிழமையில் வெள்ளவத்தை லொட்ஜ், ஐரோப்பாவில் ஒரு பல் வைத்தியர், வேறொரு நாட்டில் தளபாடக் கடை, மூன்றுக்கும் அதே எலும்புக்கூட்டில் ஐந்து நட்சத்திரம் என்றால் யோசிக்கத் தேவையில்லை. அந்த ஒரு ரிவியூ மட்டுமே எழுதியவர் என்றால் அது எதையும் நிரூபிக்காது. நம் சித்தி மாமாவெல்லாம் வாழ்நாளில் ஒரு ரிவியூதான் எழுதியிருப்பார்கள்.

யாரைத் தவறாகப் பிடித்துவிடக்கூடாது

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். "குட் பிளேஸ்", "நல்ல இடம்" என்று இரண்டு சொல்லில் எழுதுகிறவர்கள் ஏராளம். விபரம் இல்லைதான், ஆனால் அவர்கள் பொய்யர்கள் அல்ல. அவற்றை எந்தப் பக்கத்திலும் சேர்க்காமல் தாண்டிப் போங்கள். இன்னும் சிலர் உண்மையிலேயே தங்கிவிட்டு, ஆங்கிலம் பிழையாகிவிடுமோ என்ற கூச்சத்தில் கருவியிடம் கொடுத்துத் திருத்திப் போடுகிறார்கள். வசனம் மினுமினுப்பாக இருக்கும், உள்ளே மூன்றாம் மாடியும் சுடுதண்ணியும் இருக்கும். அதை உண்மை என்றே எடுங்கள். நாம் தேடுவது நடையை அல்ல, போய்வந்த தடயத்தை.

இதே காரணத்தால்தான், ரிவியூவைக் கொண்டுபோய் "இதைக் கருவி எழுதியதா" என்று சொல்லும் இணையத்தளங்களில் ஒட்டிப் பார்க்க வேண்டாம் என்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே அப்படியொரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, சரியாகக் கண்டுபிடிக்கும் வீதம் குறைவு என்று சொல்லி 2023 ஜூலையில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நாலு வரி ரிவியூவில் அளந்து பார்க்கப் போதிய எழுத்தும் இல்லை. அதைவிட முக்கியம், அதே 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவை சராசரியாகக் "கருவி எழுதியது" என்று தவறாகக் குறிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆங்கிலத்தில் எழுதுகிற எங்கள் ஆட்கள்தான் அதில் மாட்டுவார்கள்.

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே கிழமையில் வந்தவை, ஒரே எலும்புக்கூடு, ஊரை மாற்றினாலும் பொருந்துகிறவை என்று மூன்றும் ஒரே கூட்டத்தில் சேர்ந்தால் அந்தக் கூட்டத்தை ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்கிய பிறகு

மிச்சம் இருப்பதைக் கொண்டு இடத்தை மதிப்பிடுங்கள். எங்கள் உதாரண லொட்ஜை எடுத்தால், நூறு ரிவியூவில் நாற்பதை ஒதுக்கினாலும் மிச்சம் அறுபது இருக்கிறது, அதில் இரண்டு மூன்று நட்சத்திரக்காரர்கள் சொல்வது லிஃப்ட் இல்லை, ட்ரெயின் சத்தம் என்பது மட்டும்தான் என்று வையுங்கள். இளம் ஆட்களுக்கு அது நல்ல இடம்தான். ரிவியூ எழுதுவித்த எல்லா இடமும் கூடாத இடம் என்று இல்லை. முழங்கால் நோவோடு அம்மா வருகிறார் என்றால் மட்டும் வேறு இடம் பாருங்கள். ஒதுக்கிய பிறகு ஐந்தாறுதான் மிச்சம், அதிலும் பாதி தண்ணி இல்லை, முற்பணம் திரும்பித் தரவில்லை என்கிறது என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முற்பணம் அனுப்புமுன் ஒரு தரம் போன் எடுத்துக் கதையுங்கள். "ரூம் நல்லா இருக்குமா" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். ரிவியூக்களில் பதில் கிடைக்காத கேள்வியைக் கேளுங்கள்: "நாங்கள் விடிய 5 மணிக்கு வந்து இறங்குவம், அந்த நேரம் ரூம் தருவீங்களா, இல்லாட்டி எங்க இருக்கிறது? அதுக்கு அரைநாள் காசு எடுப்பீங்களா? எத்தினையாம் மாடி? ஏசிக்குத் தனிக் காசா?" பதிலை வாட்ஸப்பில் ஒரு வரியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்து இறங்கியபின் வேறு கதை சொன்னால் காட்ட அது உதவும்.

போலி என்று உறுதியாகத் தெரிகிற ரிவியூவின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் `Report review` வரும். அதை அழுத்துங்கள், எழுதியவருக்கு உங்கள் பெயர் போகாது. உடனே நீங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரிவியூவை நம்பிக் காசு கட்டி ஏமாந்திருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. அழைக்குமுன் காசு கட்டிய ரசீது, வாட்ஸப் உரையாடல், அந்த ரிவியூக்களின் ஸ்கிரீன்ஷொட் மூன்றையும் எடுத்து வையுங்கள். முறைப்பாடு வந்தது தெரிந்தால் ரிவியூவை அழித்துவிடக்கூடும், அதனால் ஸ்கிரீன்ஷொட்டை முதலில் எடுங்கள்.